ஒரு நாள் தாமதம், இரண்டு மாத வட்டி

நவம்பர் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய வரியை 8-ஆம் தேதி கட்டினால் எத்தனை நாள் தாமதம்? ஒரு நாள் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வருமான வரித் துறையின் கணினியோ இரண்டு மாதம் என்று கணக்குப் போட்டு வட்டி கேட்கும். அது கணினியின் கோளாறு அல்ல, சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. டிடிஎஸ் நோட்டீஸ் கையில் கிடைத்ததும் சிறு நிறுவனங்கள் எழுதும் பதில்களில் பெரும்பாலானவை பயனில்லாமல் போவதற்குக் காரணமும் இதுதான். அவை தங்கள் சிரமத்தை விளக்குகின்றன. நோட்டீஸோ தேதிகளை மட்டுமே பேசுகிறது.

பல நிறுவனங்களில் நடப்பதைத் திரட்டி, கணக்கு புரிவதற்காகத் தொகைகளை எளிமையாக்கி, ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். இருபது தொழிலாளர்கள், வாடகை ஷெட், ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் இரண்டு மூன்று பட்டறைகள், ஓர் அக்கவுண்டன்ட். ஆண்டுக் கணக்குக்கு வெளியிலிருந்து ஓர் ஆடிட்டர். 2025 ஏப்ரலில் அவர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு நோட்டீஸ் வந்தது. 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு மொத்தம் 11,150 ரூபாய் கட்ட வேண்டும். அதில் 9,800 தாமதக் கட்டணம், 1,350 வட்டி.

முதலாளிக்குப் புரியவில்லை. பிடித்த வரியில் ஒரு ரூபாய்கூட பாக்கி இல்லை. அறிக்கையையும் கடைசி நாளான ஜனவரி 31-ஆம் தேதியே ஏற்றிவிட்டதாக அக்கவுண்டன்ட் அடித்துச் சொல்கிறார். பிறகு எதற்கு இந்தப் பணம்?

டிடிஎஸ் என்பதில் இரண்டு கடமைகள் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர், ஆலோசகர், வாடகைக்கு விட்டவர், சம்பளக்காரர் ஆகியோருக்குக் கொடுக்கும் தொகையில் வரியைப் பிடித்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டுவது முதல் கடமை. மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். யாரிடம் எவ்வளவு பிடித்தோம், எந்தச் சலானில் கட்டினோம் என்று காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை கொடுப்பது இரண்டாவது கடமை. சம்பளத்துக்கு 24Q என்ற படிவம், உள்நாட்டில் கொடுக்கும் மற்றத் தொகைகளுக்கு 26Q. அவற்றின் கடைசி நாட்கள் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31.

முதல் கடமையில் தவறினால் வட்டி. இரண்டாவதில் தவறினால் தாமதக் கட்டணம். நோட்டீஸில் இரண்டும் ஒரே மொத்தமாக வந்து நிற்பதால்தான் குழப்பம். பதில் எழுதுகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இந்த மொத்தத்தைப் பிரித்து, ஒவ்வொரு ரூபாயும் எந்தத் தேதியிலிருந்து முளைத்தது என்று கண்டுபிடிப்பது.

அந்த விவரம் நோட்டீஸில் முழுதாக இருக்காது. உத்தரப் பிரதேசத்தில் காஜியாபாத் அருகே வைசாலியில் இருக்கும் டிடிஎஸ் மையச் செயலகத்தில் கணினி போட்ட கணக்கின் சுருக்கம்தான் நோட்டீஸ். விரிவான கணக்கை ட்ரேசஸ் தளத்தில் நிறுவனத்தின் டேன் எண்ணைக் கொண்டு நுழைந்து, Justification Report என்ற பெயரில் இறக்கிக்கொள்ள வேண்டும். எந்தச் சலான், யாருடைய பதிவு, பிடித்த தேதி, கட்டிய தேதி, எத்தனை மாத வட்டி என்று வரி வரியாக அதில் இருக்கும். இதைத் திறந்து பார்க்காமல் எழுதும் பதில் இருட்டில் எறிந்த கல்.

கோவை நிறுவனத்தின் ஆடிட்டர் அதை இறக்கிப் பார்த்தார். முதலில் பெரிய தொகை.

அறிக்கையை ஜனவரி 31 அன்று ஏற்றியது உண்மைதான். ஆனால் வருமான வரித் தளத்தில் கோப்பை ஏற்றுவது வேறு, அது ஏற்கப்படுவது வேறு. ஏற்றிய கோப்பைத் தளம் பிறகு சரிபார்த்து, ஏற்றதா நிராகரித்ததா என்று காட்டும். அக்கவுண்டன்ட் தயாரித்த கோப்பு சரிபார்ப்பு மென்பொருளின் பழைய பதிப்பில் உருவானது. அதனால் நிராகரிக்கப்பட்டது. ஏற்றிய மறுநாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. நிலையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மார்ச் மாதம் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “சார், நீங்க பிடிச்ச வரி எங்க கணக்குல இன்னும் ஏறலையே” என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மார்ச் 21 அன்று புதுக் கோப்பு ஏற்கப்பட்டது.

ஜனவரி 31-க்குப் பிறகு பிப்ரவரியில் 28 நாள், மார்ச்சில் 21 நாள். ஆக 49 நாள். நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் வீதம் 9,800. வருமான வரிச் சட்டத்தின் 234E பிரிவு சொல்லும் கட்டணம் இதுதான். இது 2012 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்தக் காலாண்டில் பிடிக்க வேண்டிய மொத்த வரியைத் தாண்டி கட்டணம் போகக் கூடாது. இந்த அறிக்கையில் மொத்த வரி 66,000 ரூபாய் என்பதால் 330 நாள் தாமதம் ஆகும்வரை அந்த வரம்பு உதவிக்கு வராது. ஆனால் அதே நாளில், அதே காரணத்தால் தாமதமான சம்பள அறிக்கை 24Q-க்குத் தனியாக இன்னொரு நோட்டீஸ் வந்திருந்தது. அதில் மேலாளர் ஒருவருடைய சம்பளத்தில் மாதம் 2,000 வீதம் பிடித்த 6,000 ரூபாய் மட்டுமே வரி. எனவே அங்கே 49 நாளுக்கும் சேர்த்துக் கட்டணம் 6,000-த்தோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு அறிக்கைக்கும் கட்டணம் தனி, உச்சவரம்பும் தனி.

நிராகரிப்பு தெரியாமல் போனதுதான் காரணம் என்று எழுதினால் கட்டணம் குறையுமா? குறையாது. டிடிஎஸ் நோட்டீஸ் விஷயத்தில் அதிகம் புரியாமல் போவது இந்த இடம். 234E-யில் வருவது அபராதம் அல்ல, கட்டணம். அபராதம் என்றால் நியாயமான காரணம் காட்டித் தப்பலாம் என்று சட்டமே சொல்கிறது. கட்டணத்துக்கு அந்த வழி வைக்கப்படவில்லை. இந்தப் பிரிவு செல்லாது என்று தொடரப்பட்ட வழக்கில் 2015-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரஷ்மிகாந்த் குண்டாலியா வழக்கின் தீர்ப்பில் அதைச் செல்லும் என்றது. நிறுவனம் அறிக்கையைத் தாமதித்தால், வரி பிடிக்கப்பட்டவரின் கணக்கில் அது பதிவாகாமல், அவருடைய ரிட்டர்னைப் பரிசீலிப்பதும் ரீஃபண்ட் கொடுப்பதும் தள்ளிப்போகிறது. துறைக்குக் கூடுதல் வேலை ஏற்படுகிறது. அந்த வேலைக்கான கட்டணம்தான் இது என்பது நீதிமன்றத்தின் பார்வை. பட்டறைக்காரரின் தொலைபேசி அழைப்பை நினைத்துப் பார்த்தால் இந்த வாதத்தின் நியாயம் புரியும்.

அதிகாரி இரங்கினாலும் அவருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் இல்லை. சலுகை வரும்போது டில்லியில் உள்ள மத்திய நேரடி வரிகள் வாரியத்திலிருந்து, எல்லாருக்குமான சுற்றறிக்கையாக வரும். உதாரணமாக, 2022 ஜூலை–செப்டம்பர் காலாண்டின் 26Q அறிக்கைக்கான கடைசி நாளை, படிவத்தின் அமைப்பு மாறியதால், அக்டோபர் 31-லிருந்து நவம்பர் 30-க்கு வாரியம் தள்ளிவைத்தது. கொரோனா காலத்தில் 2021 ஜனவரி–மார்ச் காலாண்டின் கடைசி நாள் மே 31-லிருந்து ஜூன் 30-க்கும் பிறகு ஜூலை 15-க்கும் நகர்ந்தது. ஆகவே எந்தக் காலாண்டுக்கு நோட்டீஸ் வந்தாலும் அந்தக் காலாண்டுக்கு நீட்டிப்பு ஏதாவது இருந்ததா, அது எந்தப் படிவத்துக்கு என்று முதலில் பார்ப்பது நல்லது. கோவை நிறுவனத்தின் காலாண்டுக்கு அப்படி எதுவும் இல்லை. 9,800 கட்டியே ஆக வேண்டும்.

அடுத்தது வட்டி. மொத்தம் 1,350 ரூபாய். இது மூன்று பதிவுகளிலிருந்து வந்தது. தொகை சின்னது என்றாலும் பாடம் முழுவதும் இந்த மூன்றில்தான் இருக்கிறது, ஏனென்றால் மூன்றுக்கும் பதில் வெவ்வேறு.

முதல் பதிவு, ஜாப் ஒர்க் செய்த ஒரு கூட்டு நிறுவனம். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று. அதற்கு முந்தைய நாள் பட்டறைக்கு 4,50,000 ரூபாய் பில் முடித்து, 2 சதவீதம் வரியாக 9,000 பிடித்தார்கள். கட்ட வேண்டிய நாள் நவம்பர் 7. சலானில் பதிவான நாள் நவம்பர் 8. பிடித்த வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம். வட்டி ஓடத் தொடங்குவது கடைசி நாளிலிருந்து அல்ல, வரி பிடித்த நாளிலிருந்து. அக்டோபர் 30-இல் பிடித்ததால் அக்டோபர் ஒரு மாதம், நவம்பர் 8-இல் கட்டியதால் நவம்பர் ஒரு மாதம். ஆக இரண்டு மாதத்துக்கு 3 சதவீதம், 270 ரூபாய்.

இரண்டாவது பதிவு, வடிவமைப்பு ஆலோசகர் ஒருவரின் கட்டணம். பில் தொகை 1,80,000. நவம்பர் 5-இல் அந்தப் பில் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. பணம் கொடுத்தது டிசம்பர் 20. வரி 10 சதவீதம், 18,000 ரூபாய். அதைப் பணம் கொடுக்கும்போது பிடித்து, ஜனவரி 7-க்குள் கட்டிவிட்டார்கள். எல்லாம் சரிதானே என்று தோன்றும். ஆனால் கணக்கில் வரவு வைப்பது, பணம் கொடுப்பது என்ற இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே வரியைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவே தாமதித்ததற்கு வட்டி மாதம் 1 சதவீதம். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்துக்கு 360 ரூபாய். இதில் வாதம் எதற்கும் இடமில்லை.

மூன்றாவது பதிவில்தான் சுவாரசியம் இருக்கிறது. இன்னொரு ஒப்பந்தக்காரருக்கு 6,00,000 ரூபாய்க்கு 2 சதவீதமாக 12,000 பிடித்தது டிசம்பர் 10-இல். கட்டியது ஜனவரி 6-இல், அதாவது கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக. ஆனால் அறிக்கையில் தட்டச்சு செய்தபோது நாளும் மாதமும் இடம் மாறி 10-12 என்பது 12-10 ஆகிவிட்டது. அக்டோபர் 12-உம் அதே காலாண்டுக்குள் வருவதால் மென்பொருள் அதைத் தடுக்கவில்லை. கணினியின் பார்வையில் அக்டோபரில் பிடித்த வரி ஜனவரியில் கட்டப்பட்டிருக்கிறது. நான்கு மாதத்துக்கு 6 சதவீதம், 720 ரூபாய். உண்மையில் ஒரு பைசா வட்டியும் இல்லை.

இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. விரிவான கணக்கில் மூன்று நான்கு மாத வட்டி கேட்கும் பதிவைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். மாதாமாதம் வரி கட்டும் நிறுவனத்தில் ஒரே ஒரு பதிவு மட்டும் அவ்வளவு தாமதமாவது அபூர்வம். அந்தப் பில்லையும் வங்கிக் கணக்கையும் எடுத்து வைத்துப் பார்த்தால் தேதி மாறியிருப்பது தெரிந்துவிடும். ஒரு சலானில் கட்டிய வரியை அறிக்கையில் வேறு சலானோடு இணைத்துவிடுவது இதேபோன்ற இன்னொரு பொதுவான தவறு. வரி முழுதாகக் கட்டியிருந்தும் குறைவாகக் கட்டியதாக நோட்டீஸ் வந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஆக 11,150 ரூபாயில் ஒப்புக்கொள்ள வேண்டியது எது, திருத்த வேண்டியது எது என்று பிரிந்துவிட்டது. கட்டணம் 9,800, ஆலோசகர் பதிவின் வட்டி 360 இரண்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 720 திருத்தத்தால் நீங்கும். மிஞ்சியது தீபாவளிப் பில்லின் 270.

அந்த ஒரு நாள் ஏன் தவறியது என்று ஆடிட்டர் வங்கிக் கணக்கைப் பார்த்தார். பணம் நவம்பர் 7 மாலையே நிறுவனத்தின் கணக்கிலிருந்து போயிருந்தது. தொழில்நுட்பக் கோளாறால் அரசின் கணக்கில் சேர்ந்தது மறுநாள். இந்த நிலைமைக்கென்றே 2025 மார்ச் 28 அன்று வாரியம் 5-ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. கடைசி நாளுக்குள் பணம் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு, தொழில்நுட்பக் காரணத்தால் தாமதமாக வரவு வைக்கப்பட்டிருந்தால் அந்த வட்டியைக் குறைக்கவோ தள்ளவோ தலைமை ஆணையர் நிலையில் உள்ளவர்களுக்கு அதிகாரம் உண்டு. வட்டி எந்த நிதியாண்டுக்கு உரியதோ அந்த ஆண்டு முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கோவை நிறுவனத்துக்கு அது 2026 மார்ச் 31. மறந்துபோய் மறுநாள் கட்டியவருக்கோ, கணக்கில் பணம் இல்லாமல் ஒரு நாள் பொறுத்தவருக்கோ இந்தச் சலுகை இல்லை.

270 ரூபாய்க்காகத் தலைமை ஆணையருக்கு விண்ணப்பமா என்று முதலாளி சிரித்தார். இந்தத் தொகைக்கு அந்த அலைச்சல் தேவையில்லை என்பதே ஆடிட்டரின் கருத்தும். கட்டிவிட்டு நகரலாம். அதே ஒரு நாள் 9,00,000 ரூபாய் வரியில் நேர்ந்திருந்தால் வட்டி 27,000. அப்போது வங்கியிடமிருந்து கடிதம் வாங்கி விண்ணப்பிப்பது பயனுள்ள வேலை.

இனிப் பதில். இங்கே வரிசை முக்கியம். கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். ஏனென்றால் கணக்கைப் போட்டது கணினி. அது கடிதம் படிக்காது. அதன் கணக்கு மாற வேண்டுமானால் திருத்த அறிக்கை கொடுக்க வேண்டும்.

நிறுவனம் செய்தது இது. ஒப்புக்கொண்ட 9,800, 360, 270 மூன்றும் சேர்ந்த 10,430 ரூபாயை 281 என்ற எண்ணுள்ள டிடிஎஸ் சலானில், நோட்டீஸ் தொகை கட்டுவதற்கான 400 என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்துக் கட்டியது. சாதாரண மாதாந்திர வரிக்கு 200 என்ற தலைப்பு. கட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. அந்தச் சலான் எந்தக் காலாண்டின் எந்த பாக்கிக்கு என்று ட்ரேசஸ் தளத்தில் திருத்த அறிக்கை மூலம் இணைக்க வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு இணைக்காமல் விடுவதுதான் இந்த விஷயத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சலான் ஒரு பக்கம் பயன்படுத்தப்படாமல் கிடக்கும், பாக்கி இன்னொரு பக்கம் அப்படியே நிற்கும். உரிய அவகாசமான 30 நாளுக்குள் பாக்கி தீராவிட்டால் அதன்மேல் மாதம் 1 சதவீத வட்டி வேறு ஏறும். அதே திருத்த அறிக்கையில் 12-10 என்ற தேதியும் 10-12 ஆக மாற்றப்பட்டது. இவ்வளவும் முடிந்த பிறகே கடிதம் எழுதப்பட்டது. டிடிஎஸ் பிரிவின் வருமான வரி அதிகாரிக்குப் போன அதன் சாரம் இது:

“ஐயா,

2024–25 நிதியாண்டின் மூன்றாம் காலாண்டு 26Q அறிக்கை தொடர்பாக எங்களுக்கு வந்த ரூ. 11,150-க்கான அறிவிப்புக்கு எங்கள் பதில்:

1. தாமதக் கட்டணம் ரூ. 9,800. அறிக்கை 21.3.2025 அன்று ஏற்கப்பட்டது. 49 நாள் தாமதத்தை ஒப்புக்கொண்டு முழுத் தொகையும் கட்டியுள்ளோம்.

2. வட்டி ரூ. 360 மற்றும் ரூ. 270. கணக்கு சரியே. கட்டியுள்ளோம்.

3. வட்டி ரூ. 720. வரி பிடித்த தேதி 10.12.2024 என்பதற்குப் பதிலாக 12.10.2024 என்று தவறுதலாகப் பதிவாகிவிட்டது. வரி 6.1.2025 அன்று, கெடுவுக்குள் கட்டப்பட்டது. திருத்த அறிக்கை கொடுத்துள்ளோம். பில், பேரேட்டுப் பக்கம், வங்கிக் கணக்கு நகல்கள் இணைப்பில்.

4. இந்த அறிக்கை முதலில் 31.1.2025 அன்று ஏற்றப்பட்டு நிராகரிக்கப்பட்டது. பிடித்த வரி முழுவதும் அதற்கு முன்பே அரசுக்குக் கட்டப்பட்டுவிட்டது. இதைப் பதிவில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

திருத்த அறிக்கை பரிசீலிக்கப்பட்டதும் பாக்கி இல்லை என்று பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.”

நான்காவது பத்தி எதற்கு? கட்டணத்தைக் குறைக்க அது உதவாது என்று முன்பே பார்த்தோம். அறிக்கை தாமதத்துக்கு இந்தக் கட்டணத்தைத் தவிர 10,000 முதல் 1,00,000 ரூபாய் வரை தனியே ஓர் அபராதமும் சட்டத்தில் உண்டு. அது 271H பிரிவு. வரியையும் கட்டணத்தையும் வட்டியையும் கட்டி, கெடு முடிந்து ஓராண்டுக்குள் அறிக்கையைக் கொடுத்தால் அந்த அபராதம் இல்லை என்பது அப்போதிருந்த விதி. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த ஓராண்டு ஒரே மாதமாகச் சுருங்கிவிட்டது. 271H அபராதம் என்பதால் அதற்கு நியாயமான காரணம் சொல்ல இடமுண்டு. நிராகரிக்கப்பட்ட கோப்பு, ஊழியரின் உடல்நலக் குறைவு, வெள்ளம், மின்தடை என்று எதைச் சொல்வதாக இருந்தாலும் அதற்குச் சட்டத்தில் மதிப்புள்ள இடம் இதுதான். கட்டணத்துக்கு எதிராக வீணாகும் அதே காரணம் அபராதத்துக்கு எதிராக வேலை செய்யும். முதல் கடிதத்திலேயே பதிவு செய்துவைத்தால் பிறகு புதிதாகச் சோடித்தது என்று யாரும் சொல்ல முடியாது.

திருத்த அறிக்கையாலும் தீராத பிழை என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஆவணங்களிலிருந்தே தெரியும் தவறு என்றால் திருத்த மனு கொடுக்கலாம். சட்டப்படி வாதாட வேண்டியது என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மாதக் கணக்கிடும் முறையே அப்படி வாதத்துக்கு உள்ளானதுதான். மாதம் என்றால் நாட்காட்டி மாதமா, 30 நாளா என்ற கேள்வியில் சில தீர்ப்பாய அமர்வுகள் 30 நாள் என்று நிறுவனங்களுக்குச் சாதகமாகச் சொல்லியிருக்கின்றன. மையக் கணினி இன்றும் நாட்காட்டி மாதத்தையே எண்ணுகிறது. 270 ரூபாய்க்காக அந்தப் போர் தேவையில்லை, லட்சங்களுக்கு யோசிக்கலாம்.

மேல்முறையீட்டில் வெற்றி பெற்ற ஒரு பழைய வாதம் இன்னும் பதில் கடிதங்களில் தவறாக உலவுகிறது. 234E கட்டணம் 2012-இல் வந்தாலும், அறிக்கையைப் பரிசீலிக்கும்போதே அந்தக் கட்டணத்தை விதிக்கும் அதிகாரம் 2015 ஜூன் 1-இல்தான் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய காலத்துக்கு அப்படி விதித்த நோட்டீஸ்கள் செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2016-இல் ஃபதேராஜ் சிங்வி வழக்கில் சொன்னது. 2017-இல் ராஜேஷ் கௌரானி வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. 2013, 2014 ஆண்டுகளின் பாக்கி ட்ரேசஸ் தளத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு இந்த வாதம் பயன்படும். 2024-ஆம் ஆண்டுக் காலாண்டுக்கு அதே தீர்ப்பைக் கடிதத்தில் ஒட்டி அனுப்பினால், எழுதியவர் தீர்ப்பைப் படிக்கவில்லை என்பது மட்டும்தான் அதிகாரிக்குத் தெரியும்.

பணம் கட்டியாகிவிட்டது என்றால் செலவுக் கணக்கில் எழுதி வருமானத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அடுத்து வரும். தாமத வட்டிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை பிராபர்ட்டீஸ் வழக்கில் முடியாது என்று சொல்லிவிட்டது. வரி தொடர்பான அந்த வட்டி தொழில் செலவு ஆகாது என்பது அதன் தீர்ப்பு. எனவே ரிட்டர்ன் போடும்போது அந்த 630 ரூபாயை வருமானத்தோடு திரும்பக் கூட்டிக் காட்ட வேண்டும். வரித் தணிக்கை உள்ள நிறுவனமாக இருந்தால் ஆடிட்டர் தரும் அறிக்கையிலும் காலாண்டு அறிக்கைகள் கெடுவுக்குள் போனதா, வட்டி கட்ட வேண்டியிருந்ததா என்ற கேள்விகளுக்கு விவரம் எழுத வேண்டும். நோட்டீஸ் தீர்ந்தாலும் அதன் தடம் அங்கே பதிவாகும்.

கோவை நிறுவனத்தின் திருத்த அறிக்கை பரிசீலிக்கப்பட்டதும் புதிதாக ஒரு கணக்கு வந்தது. அதில் 720 நீங்கியிருந்தது, பாக்கி பூஜ்யம். 24Q-க்கான 6,000 ரூபாய்க்கும் அதே முறையில் தனிச் சலான், தனித் திருத்தம். அலுவலகத்தில் ஒரே ஒரு நடைமுறை மாறியது. அறிக்கை ஏற்றிய மறு வேலைநாள் காலையில், ஏற்கப்பட்ட ரசீதை அச்செடுத்துக் கோப்பில் வைத்த பிறகே அந்தக் காலாண்டின் வேலை முடிந்ததாகக் குறிக்க வேண்டும்.

திருத்தத்தைத் தள்ளிப்போட முடியாத நிலை இப்போது வந்திருக்கிறது. முன்பு திருத்த அறிக்கைக்குக் கால எல்லையே இல்லாமல் இருந்தது. பிறகு ஆறு ஆண்டு என்று ஆனது. 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டம், அறிக்கை கொடுக்க வேண்டிய ஆண்டு முடிந்து இரண்டே ஆண்டு என்று குறைத்திருக்கிறது. 2025 ஜனவரி 31-இல் கொடுக்க வேண்டிய அறிக்கையில் இடம் மாறிய ஒரு தேதியைச் சரிசெய்ய 2027 மார்ச் 31 வரைதான் வழி. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் கொடுத்ததற்கும் அதற்கும் பழையவற்றுக்கும் 2026 மார்ச் 31-தான் கடைசி நாள்.